68ஐத் தாண்டாத முள்

கராஜில் கொம்பிரசர் ஓடிக்கொண்டே இருந்தால் அது பழுது என்று பலருக்குத் தோன்றுவதில்லை. ஓடினால் வேலை செய்கிறது, நின்றால்தான் பழுது என்று நினைத்துவிடுகிறோம். அது அப்படியே தலைகீழ். தொட்டியில் 120 பிஎஸ்ஐ ஏறியதும் தானாக நின்று, காற்றைப் பாவித்து 90க்கு இறங்கியதும் தானாகத் தொடங்குவதுதான் அதன் இயல்பு. பெல்ட் போட்ட பிஸ்டன் கொம்பிரசர் பாதி நேரம் ஓடவும் பாதி நேரம் ஆறவும் என்று கட்டப்பட்டது. காலையில் போட்ட சுவிட்ச் மாலை வரை நிற்கவே இல்லை என்றால், எங்கோ ஒன்று கெட்டுப் பல நாளாகிவிட்டது என்று அர்த்தம். அந்த ஓட்டமே இன்னொன்றையும் கெடுத்துக்கொண்டிருக்கும்.

இதைக் கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு டிங்கரிங், பெயின்ட் கராஜில் பார்த்த ஒரு மெஷினை வைத்தே சொல்கிறேன். 3 குதிரைவலு மோட்டர், வி வடிவில் இரண்டு சிலிண்டர், 150 லீட்டர் தொட்டி. கொழும்பில் பாதிக் கராஜ்களில் நிற்கும் சாதாரண மெஷின். கேஜ் முள் 68க்கு வந்து அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. பெயின்ட் கன்னைப் பிடித்தால் 50க்கு விழுகிறது, கையை எடுத்தால் மெல்ல ஊர்ந்து மறுபடியும் 68. அதற்கு மேல் ஒரு கோடு ஏறவில்லை.

"தம்பி, ரெண்டு பேர் வந்து பார்த்துட்டாங்க. ஒருத்தர் ரிங் போச்சுன்னாரு. மத்தவர் ஹெட்டோட புதுசா வாங்கச் சொன்னாரு. நீங்க என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார் கராஜ் நடத்தும் நானா.

"இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன் நானா. உங்க ஃபோன்ல ஸ்டொப்வொட்ச் இருக்கா?"

முள் ஏன் ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் கணக்குத்தான். அழுத்தம் ஏற ஏற பம்ப் தள்ளும் காற்று குறைந்துகொண்டு போகும். கசிவோ அழுத்தத்தோடு சேர்ந்து கூடிக்கொண்டு போகும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நின்றுவிடும். அதனால் 68 என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. பம்ப் நலிந்திருக்கலாம், கசிவு பெரிதாக இருக்கலாம், இரண்டும் பாதிப் பாதியாகவும் இருக்கலாம். ஸ்பனரை எடுக்க முதல் அந்த இரண்டையும் பிரித்து அளந்துகொள்ள வேண்டும். முன்னால் வந்த இருவரும் செய்யாமல் விட்டது இதைத்தான்.

அளப்பதற்கு வேறு கருவி தேவையில்லை, கேஜும் கடிகாரமும் போதும். கேஜில் 15 பிஎஸ்ஐ என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம். ஆகவே 150 லீட்டர் தொட்டியில் முள் 15 குறைந்தால், வெளிக் காற்றுக் கணக்கில் 150 லீட்டர் போய்விட்டது. 15 கூடினால் 150 லீட்டர் உள்ளே வந்திருக்கிறது. இந்த ஒரு கணக்கு முழு வேலைக்கும் போதும்.

முதலில் கசிவு. மெஷினை நிறுத்தினோம். பெயின்ட் கன், டயர் ஹோஸ் எல்லாம் தொங்கியபடி இருக்க, யாரும் எதையும் தொடாமல் முள்ளைப் பார்த்தோம். 65இலிருந்து 50க்கு வர இரண்டரை நிமிடம். 150 லீட்டரை இரண்டரையால் வகுத்தால் நிமிடத்துக்கு 60 லீட்டர். அப்புறம் மறுபடி ஏற்றி, தொட்டியின் வெளிவாயில் இருக்கும் போல் வால்வை மூடிவிட்டுப் பார்த்தோம். இந்தத் தடவை 65இலிருந்து 60க்கு வர ஐந்து நிமிடம் எடுத்தது. அதாவது நிமிடத்துக்கு 10 லீட்டர். ஆக, 50 லீட்டர் வெளியே பைப்பிலும் ஹோஸிலும் போகிறது, 10 லீட்டர் தொட்டிப் பக்கம் போகிறது.

அடுத்தது பம்ப். வெளிவாயை மூடியே வைத்து, தொட்டியை முழுதாகக் காலியாக்கி, பூச்சியத்திலிருந்து 60 வரை ஏற எவ்வளவு நேரம் என்று பார்த்தோம். 60 பிஎஸ்ஐ என்றால் நான்கு தொட்டிக் காற்று, 600 லீட்டர். ஐந்து நிமிடம் எடுத்தது. சராசரி நிமிடத்துக்கு 120 லீட்டர். மெஷினின் தகட்டில் 340 என்று போட்டிருந்தது. அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. பிஸ்டன் நகரும் கனஅளவைத்தான் பெரும்பாலும் தகட்டில் அடிக்கிறார்கள், அதில் அறுபது எழுபது வீதம் தொட்டிக்கு வந்தால் நல்ல பம்ப். அப்படிப் பார்த்தால் இது 220, 230 தந்திருக்க வேண்டும். தருவதோ ஏறக்குறையப் பாதி. இரண்டு சிலிண்டர் மெஷின் பாதி காற்றுத் தந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம், ஒரு சிலிண்டர் சும்மா சுற்றுகிறது என்பதுதான்.

இன்னொன்றையும் கவனித்தோம். முதல் 30 பிஎஸ்ஐ ஒன்றேமுக்கால் நிமிடத்தில் ஏறிவிட்டது. அடுத்த 30க்கு மூன்றேகால் நிமிடம் வேண்டியிருந்தது. நல்ல பம்பிலும் பிந்திய பாதி கொஞ்சம் மெதுவாகும், ஆனால் இவ்வளவு இல்லை. ஃபில்டர் அடைத்திருந்தால் தொடக்கத்திலிருந்தே மந்தமாக இருக்கும். தொடக்கம் பரவாயில்லாமல் இருந்து, அழுத்தம் கூடக் கூடத் தேய்ந்துபோனால் வால்வு, கெஸ்கட், ரிங் ஆகிய மூன்றில் ஒன்று காற்றைத் திருப்பி விடுகிறது.

இந்த மூன்றில் எது என்பதற்கு நம் கையே போதும். இந்த மெஷினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி ஃபில்டர். இரண்டையும் கழற்றி, ஓடும்போது உள்ளிழுக்கும் வாயின் முன் உள்ளங்கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். (பெல்ட்டுக்குக் காவல் கூடு இல்லாத மெஷினில் இதைச் செய்யவே வேண்டாம்.) வலது பக்கம் இழுப்பு மட்டும் இருந்தது. இடது பக்கம் இழுத்துவிட்டு உடனே சூடான காற்றைக் கையில் துப்பியது. பிஸ்டன் மேலே வரும்போது மூடிக்கொள்ள வேண்டிய உள்வால்வு மூடவில்லை. இந்த உதை இல்லாமல் ஒரு பக்கம் இழுப்பு மட்டும் பலவீனமாக இருந்து, அந்தப் பக்க ஹெட் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால், வெளிவால்வைச் சந்தேகிக்கலாம். அழுத்திய காற்று திரும்பிச் சிலிண்டருக்குள் வந்து மறுபடி அழுத்தப்படுவதால் வரும் சூடு அது. ரிங் போயிருந்தால் எண்ணெய் ஊற்றும் மூடியின் மூச்சுத் துளையால் புகை மாதிரிக் காற்று தள்ளும். இங்கே அது சாதாரணமாகத்தான் இருந்தது. ரிங் மாற்றச் சொன்னவர் அந்தத் துளையில் விரல் வைத்துப் பார்த்திருந்தாலே விட்டிருப்பார்.

ஹெட்டைத் திறக்க முதல் தொட்டிப் பக்கம் போகும் அந்த 10 லீட்டரைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அழுத்த சுவிட்சின் கீழே ஒரு சின்ன வால்வு இருக்கும். மெஷின் நிற்கும்போது அது திறந்து, பம்புக்கும் தொட்டிக்கும் நடுவிலுள்ள குழாயில் இருக்கும் காற்றை வெளியே விடும். "புஸ்" என்று இரண்டு விநாடி சத்தம் வந்து நிற்க வேண்டும். இங்கே சுவிட்சின் நெம்பை நிறுத்தத்துக்குத் தள்ளினால் அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. தொட்டிக்குள் போன காற்றைத் திரும்ப விடாமல் தடுக்க வேண்டிய செக் வால்வு வழியாகவே தொட்டிக் காற்று பின்னுக்கு வந்து அந்தச் சின்ன வால்வினூடாகப் போகிறது.

இவ்வளவு நாள் ஒருவருக்கும் இது கேட்கவில்லையா? கேட்க வழியில்லை. மெஷின் தானாக நின்றதே இல்லை. மாலையில் பெடியன்கள் சுவரிலுள்ள மெயின் சுவிட்சை அமர்த்திவிட்டுப் போவார்கள். கரண்டை அங்கே அமர்த்தினால் அழுத்த சுவிட்ச் அசையாது, அந்தச் சின்ன வால்வும் திறக்காது.

செக் வால்வு கசிவதால் மட்டும் முள் 68இல் நின்றுவிடாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மெஷின் ஓடும்போது அந்தச் சின்ன வால்வு மூடியிருக்கும், ஹெட்டில் வெளிவால்வும் தடுத்து நிற்கும். அதனால் பின்னுக்கு வரும் காற்றுக்கு வெளியேற வழி குறைவு. கசியும் செக் வால்வின் தொல்லை மெஷின் நின்ற பிறகுதான் தொடங்கும். தொட்டி தானாக இறங்கும். அடுத்த முறை தொடங்கும்போது பிஸ்டனுக்கு மேல் அழுத்தம் நிற்பதால் மோட்டர் உறுமிக்கொண்டு சுற்ற மாட்டாமல் ட்ரிப் அடிக்கும். செக் வால்வு மூடியபடி இறுகிப்போனால் கதை வேறு, அது ஆபத்தானது. பம்ப் தள்ளும் காற்றுக்குத் தொட்டிக்குள் வழியில்லாமல் குழாயில் அழுத்தம் ஏறும், கேஜ் முள் மட்டும் அசையாது. சேஃப்டி வால்வு பெரும்பாலும் தொட்டியில் இருப்பதால் அதுவும் உதவாது. முள் ஏறாமல் மோட்டர் மட்டும் திணறினால் உடனே அமர்த்திவிட வேண்டும்.

தொட்டியை முழுதாகக் காலியாக்கி, முள் பூச்சியத்தில் இருப்பதைப் பார்த்து, கீழேயுள்ள வடிகுழாயையும் திறந்து வைத்த பிறகுதான் செக் வால்வின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் வட்டு. வட்டு கல்லாக இறுகி, அதன் முகத்தில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தது. இருக்கையில் கரித்துகள். இந்தக் கரி தொட்டியிலிருந்து வராது, மேலே ஹெட்டிலிருந்துதான் வரும். ஹெட்டுக்குள் என்ன இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஹெட்டைத் திறந்தால் வால்வு பிளேட். அதன் ஒரு பக்கம் உள்வால்வு நாக்கு, மறுபக்கம் வெளிவால்வு நாக்கு. இவை மெல்லிய ஸ்பிரிங் எஃகுத் தகடுகள். நிமிடத்துக்குப் பல நூறு தடவை திறந்து மூடுபவை. இடது சிலிண்டரின் உள்நாக்கில் நுனிப் பக்கம் ஒரு மூலை உடைந்து போயிருந்தது. உடைந்த துண்டைத் தேடிக் கண்டுபிடிக்காமல் மேலே போகக் கூடாது, அது சிலிண்டருக்குள் கிடந்தால் சுவரைக் கீறிவிடும். நல்லவேளை, பிஸ்டன் தலையில் கரியோடு கரியாக ஒட்டிக் கிடந்தது. இரண்டு பக்க வெளிநாக்குகளும் உடையவில்லை, ஆனால் தார் பூசியது போல் கரி ஏறி, இருக்கையில் தட்டையாகப் படியவில்லை.

கரி ஏன் வந்தது? எண்ணெய் கொஞ்சம் மேலே வருவது எல்லாப் பிஸ்டன் மெஷினிலும் உள்ளதுதான். மெஷின் இடையிடையே நின்று ஆறினால் அது ஈரமாகவே காற்றோடு போய்விடும். நிற்காமல் ஓடினால் வெளிவால்வின் சூட்டில் காய்ந்து கரியாகிவிடும். கரி ஏறிய நாக்கு சரியாக மூடாது. மூடாததால் சூடு இன்னும் கூடும், கரியும் கூடும். போதாததற்கு, கராஜில் மிஞ்சிய 20டபிள்யூ-50 என்ஜின் எண்ணெயை இதற்குள் ஊற்றியிருந்தார்கள். என்ஜின் எண்ணெயில் சேர்க்கும் கழுவு மருந்துகள் இங்கே எரிந்து படிவாக நிற்கும். நம் ஊர் வெப்பத்துக்கு 100 தரக் கொம்பிரசர் எண்ணெய்தான் பொருத்தம்.

நாக்குகளைப் பஞ்சிகாவத்தையில் பம்ப் மாடலைக் காட்டித் தேடினோம். பழையதைக் கையோடு கொண்டுபோவது நல்லது, இவை பார்க்க ஒன்றுபோல் இருந்து அளவில் வேறுபடும். பழைய நாக்கை உரசித் தட்டையாக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உரசிய கோடு எங்கேயோ அங்கேதான் அடுத்த வெடிப்புத் தொடங்கும். பிளேட்டை மட்டும் தேய்க்கலாம். தடித்த கண்ணாடியில் 600 எமரிக் கடதாசியை நனைத்து விரித்து, எட்டுப் போடுவதுபோல் பிளேட்டை மெதுவாக நகர்த்தி, பிறகு 1000 கடதாசியில் முடித்தோம். நாக்குகளைப் பொருத்தியதும் துவாரங்களில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். கசிந்து ஈரமாவது பரவாயில்லை, ஒழுகினால் இன்னும் படியவில்லை.

கெஸ்கட்டிலும் ஒரு விஷயம் உண்டு. ஹெட்டுக்குள் உள்ளிழுக்கும் அறையையும் வெளித்தள்ளும் அறையையும் பிரிப்பது அதன் நடுப்பட்டைதான். அந்தப் பட்டை எரிந்தாலும் இதே அறிகுறிதான் வரும். வால்வு பிளேட்டுக்குக் கீழே, சிலிண்டர் பக்கம் போடும் கெஸ்கட்டைக் கையால் தடிப்பான அட்டையில் வெட்டிப் போட்டால், பிஸ்டனுக்கு மேல் இடைவெளி கூடி, காற்று அங்கேயே சுருங்கி விரிந்து அழுத்தம் குறையும். மெல்லியதாகப் போட்டால் பிஸ்டன் பிளேட்டில் முட்டும். சரியான தடிப்பில் வாங்குவதே நல்லது. சிலிக்கன் பசையை அப்பி இறுக்கினால் பிதுங்கியது நேரே நாக்குக்குக் கீழே போய் நிற்கும். போல்ட்டுகளைக் குறுக்குக்குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒரு தடவை சூடாகி ஆறிய பிறகு மறுபடி இறுக்கினோம்.

பூட்டி முடித்ததும் நானாவுக்கு முகம் மலர்ந்தது. முள் 120க்குப் போய் மெஷின் தானாக நின்றது. "சரி தம்பி, முடிஞ்சுது!" என்றார்.

முடியவில்லை. வெளியே போகும் அந்த 50 லீட்டர் அப்படியே இருக்கிறது. அதுவும் 65க்கும் 50க்கும் நடுவே, ஏறத்தாழ 58 பிஎஸ்ஐயில் அளந்தது. கசிவு தொட்டியின் முழு அழுத்தத்தோடு கூடும், அதாவது கேஜ் எண்ணோடு வளிமண்டலத்தின் 15ஐயும் சேர்த்த கணக்கு. 58 என்பது 73. இப்போது 120க்கும் 90க்கும் நடுவிலுள்ள 105 என்பது 120. ஆகவே அதே துளைகளால் இப்போது நிமிடத்துக்கு 80 லீட்டருக்கு மேல் போகும். 120இலிருந்து 90க்கு இறங்க 300 லீட்டர் போனால் போதும். யாரும் ஒரு கன்னைக்கூடத் தொடாமல், நான்கு நிமிடத்துக்குள் மெஷின் மறுபடி தொடங்கிவிடும். கசிவோடு போட்டி போட்டு மறுபடி 120க்கு ஏற அதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டும். கன் பிடிக்கத் தொடங்கினால் ஓய்வே இருக்காது. கொஞ்ச மாதத்தில் மறுபடியும் கரி, மறுபடியும் நாக்கு. எனக்குத் தெரிந்து இங்கே முதலில் கெட்டது வால்வு அல்ல, பைப் லைன்தான். கசிவு மெஷினை நிற்க விடவில்லை, நிற்காத ஓட்டம் வால்வைத் தின்றது. முன்பு யாராவது நாக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அவர் வேலை மோசம் என்று பெயர் கெட்டிருக்கும்.

கசிவைத் தேடச் சவர்க்காரத் தண்ணீரும் ஒரு பிரஷும் போதும். கராஜ் மூடி, வீதிச் சத்தமும் குறைந்த நேரத்தில் செய்தால் பாதியைக் காதாலேயே பிடித்துவிடலாம். 1 மில்லிமீற்றர் துளை 100 பிஎஸ்ஐயில் நிமிடத்துக்கு 60, 70 லீட்டர் விடும். ஆகவே பெரிய ஓட்டை ஒன்றைத் தேட வேண்டியதில்லை, சின்னச் சின்னதாக நாலைந்து இருந்தாலே கணக்கு வந்துவிடும். இங்கே அப்படித்தான். இரண்டு விரைவு இணைப்பிகளில் உள் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. ரெகுலேட்டருக்கு முன்னுள்ள மூட்டில் டேப் சுற்றாமல் இறுக்கியிருந்தார்கள். டயர் ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் வெடித்திருந்தது. அங்கே வெட்டிவிட்டுத் திரும்பப் பூட்டினோம். தொட்டியின் வடிகுழாய் துருப்பிடித்துச் சொட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கடைசி ஒன்றுக்கு நம் ஊர்க் காற்றே காரணம். கொழும்பின் ஈரப்பதத்தில் இப்படி ஒரு மெஷின் ஒரு மணிநேரம் ஓடினால் கால் லீட்டர் தண்ணீர்கூடத் தொட்டியில் சேரலாம். தினமும் வடிக்காவிட்டால் துரு, துரு என்றால் கசிவு.

டேப்பைத் திருகு இறுகும் திசையில் சுற்ற வேண்டும். முதல் புரியை வெறுமையாக விட வேண்டும், இல்லாவிட்டால் பிய்ந்த துண்டு உள்ளே போய் செக் வால்விலோ ரெகுலேட்டரிலோ உட்காரும். லைனில் ஒரு பகுதியைப் பிவிசி பைப்பில் போட்டிருந்தார்கள். அதில் கசிவு இல்லை. ஆனாலும் அகற்றச் சொன்னேன். பிவிசி தண்ணீர் அழுத்தத்தைத் தாங்குவது வேறு. காற்று நிரம்பி வெடித்தால் துண்டுகள் கத்தியாகப் பறக்கும். "தண்ணிக்கு தாங்குறது காத்துக்கு தாங்காதா?" என்று நானா கொஞ்ச நேரம் வாதாடினார். பிறகு கல்வனைஸ் பைப் போட ஒத்துக்கொண்டார். அழுத்தம் இறங்காத வரை அந்தப் பிவிசியைத் தொடக் கூடாது என்று பெடியன்களிடமும் சொல்லிவைத்தேன்.

எல்லாம் முடிந்து மறுபடி அளந்தோம். பூச்சியத்திலிருந்து 60க்கு 2 நிமிடம் 40 விநாடி, அதாவது நிமிடத்துக்கு 225 லீட்டர். லைனைத் திறந்து வைத்து 110இல் நிறுத்தினால் 5 பிஎஸ்ஐ குறையப் பத்து நிமிடம் எடுத்தது, அது நிமிடத்துக்கு 5 லீட்டர். அந்த அளவு கசிவை யாரும் தேடி அலைய வேண்டியதில்லை. 2:40 என்பதைத் தொட்டியின் மேல் பெயின்ட் பேனாவால் எழுதிவைத்தோம். மாதம் ஒரு தடவை பெடியன் ஒருவன் தொட்டியைக் காலியாக்கி, வெளிவாயை மூடி, அதே அளவை எடுப்பான். 3:30ஐத் தாண்டினால் ஹெட்டைத் திறக்க வேண்டும். நேரம் அப்படியே இருந்து மெஷின் மட்டும் அடிக்கடி தொடங்கினால், ஸ்பனரை வைத்துவிட்டுச் சவர்க்காரத் தண்ணீரை எடுக்கலாம்.